பத்து மணிக்கு மேல் வெளியே வரும் புழு

இரவு பத்தேகால். காவிரிக் கரை ஊர் ஒன்றின் தெருவில் மூன்று பேர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் கையில் டார்ச்சும் பதிவேடும். இன்னொருவர் தோளில் பை. அதற்குள் ஸ்லைடு பெட்டி, பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில், லான்செட் ஊசிகள். மூன்றாமவர் அந்த ஊர்ச் சுகாதாரச் செவிலியர். அவர் முகம் தெரிந்ததால்தான் கதவுகள் திறக்கின்றன. யானைக்கால் நோய்க்கான இரவு ரத்தப் பரிசோதனை அது. நான் அவர்களோடு நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு வீட்டில் வயதான அம்மா வாசலுக்கு வந்தார். உள்ளே பேரன் பாயில் படுத்திருந்தான், பத்தொன்பது வயது இருக்கும். அவனை எழுப்ப அவருக்கு மனமில்லை.

"போன மாசந்தானே காய்ச்சல்னு இவனுக்கு ரத்தம் எடுத்தீங்க தம்பி? அதுலயே பாத்துச் சொல்லக்கூடாதா?"

"அது மலேரியாவுக்கும்மா. பகல்ல எடுத்தது. அதுல இந்தப் புழு மாட்டாது."

"ரத்தம் ஒண்ணுதானே தம்பி?"

லேப் டெக்னீஷியன் சிரித்துக்கொண்டே, "ரத்தம் ஒண்ணுதாம்மா, ஆனா புழு பகல்ல நெஞ்சுக்குள்ள போயிடும்" என்றார். அம்மா நம்பினாரோ இல்லையோ, பேரனை எழுப்பிவிட்டார். அவர் கேட்டது மிக நியாயமான கேள்வி. அதே விரல், அதே ஊசி, அதே கண்ணாடிச் சில்லு. ஒரு நோய்க்குப் பகலில் எடுத்தால் போதும், இன்னொன்றுக்கு நடுராத்திரியில் வந்து கதவைத் தட்ட வேண்டும் என்றால் ஏன்?

டெக்னீஷியன் அந்த அம்மாவுக்குச் சொன்ன ஒரு வரி மிகைப்படுத்தல் இல்லை. அதுதான் விடை. யானைக்கால் நோயை உண்டாக்கும் வளர்ந்த புழுக்கள் ரத்தத்தில் இருப்பதே இல்லை. உச்செரேரியா பாங்கிராஃப்டி என்பது அவற்றின் பெயர். வெள்ளை நூல் போன்றவை. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், ஆண் அதில் பாதி. கால், தொடை இடுக்கு, விரைப்பை ஆகிய இடங்களின் நிணநீர்க் குழாய்களுக்குள் பின்னிப் பிணைந்து ஆண்டுக்கணக்கில் வாழும். அவற்றை விரலில் குத்தி எடுக்க முடியாது. ஆனால் பெண் புழு ஓயாமல் குஞ்சுகளை ஈன்றுகொண்டே இருக்கும். மைக்ரோஃபைலேரியா எனப்படும் அந்தக் குஞ்சுப்புழுக்கள் நிணநீர் வழியாக ரத்தத்தில் வந்து கலக்கின்றன. ஸ்லைடில் தேடுவது இவற்றைத்தான். ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். அகலமோ ஒரு சிவப்பணுவின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். அதனால்தான் மிக மெல்லிய ரத்த நுண்குழாய்களுக்குள்ளும் அது நெளிந்து புகுந்துவிடுகிறது.

இந்தக் குஞ்சுப்புழு மனித உடலுக்குள் எத்தனை நாள் இருந்தாலும் வளர்ந்த புழுவாக மாறாது. அது வளர வேண்டுமானால் கொசுவின் உடலுக்குள் போயாக வேண்டும். அங்கே பத்துப் பன்னிரண்டு நாட்களில் மூன்று பருவங்களைக் கடந்து, அடுத்த மனிதரைத் தொற்றும் நிலைக்கு வருகிறது. கொசு உறிஞ்சாவிட்டால் பிறந்த இடத்திலேயே அதன் கதை முடிந்துவிடும். ஆக, குஞ்சுப்புழுவின் வாழ்வில் இருப்பது ஒரே ஒரு வேலை: கொசு கடிக்கும் நேரத்தில் தோலுக்கு அருகே இருப்பது.

நம் ஊரில் இந்தப் புழுவைச் சுமப்பது கியூலெக்ஸ் குவின்க்யுஃபேசியேட்டஸ் என்ற கொசு. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும், இரவில் காதருகே ரீங்காரமிடும் அதே கொசு. மாலையில் வேட்டையைத் தொடங்கும். நடுநிசியை ஒட்டித்தான் அதன் கடி உச்சத்தில் இருக்கும். குஞ்சுப்புழுவின் நேரமும் அதுவே. பொழுது சாயும்போது விரல் நுனி ரத்தத்தில் ஒன்றிரண்டாகத் தென்படத் தொடங்கும். இரவு பத்திலிருந்து இரண்டு மணி வரை உச்சம். விடியலில் குறையும். காலை ஒன்பது மணிக்கு மேல் தேடினால் அநேகமாக ஒன்றுமே இராது.

இதைக் கண்டுபிடித்தவர் பாட்ரிக் மான்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1870-களில் சீனாவின் அமாய் துறைமுகத்தில் வேலை பார்த்தார். இன்று அந்த ஊர் சியாமென். யானைக்கால் நோயாளிகள் நிறைந்த ஊர் அது. குஞ்சுப்புழு கொசுவுக்குள் வளர்வதை 1877-ல் அவர்தான் முதலில் பார்த்தார். தன் தோட்டக்காரரின் ரத்தத்தில் புழு இருப்பது தெரிந்து, அவரைக் கொசுக்கள் விட்ட அறையில் தூங்க வைத்து, மறுநாள் ரத்தம் குடித்து உப்பிய கொசுக்களைப் பிடித்து, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். ஓர் உயிரினத்துக்குள் வளரும் நோய்க்கிருமியைப் பூச்சி சுமந்து செல்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. பிறகு நோயாளிகளின் ரத்தத்தை இரவும் பகலும் மணிக்கணக்கில் தொடர்ந்து எடுத்து எண்ணியபோது, எண்ணிக்கை கடல் அலைபோல ஏறி இறங்குவதைக் கண்டார். சொன்னபோது லண்டனில் பலர் நம்பவில்லை. புழு கடிகாரம் கட்டிக்கொண்டிருக்கிறதா என்ற மாதிரியான சந்தேகம் அது.

அப்படியானால் பகலில் அவை எங்கே போகின்றன? தினமும் செத்து, தினமும் புதிதாகப் பிறக்கின்றனவா? மான்சனுக்கே பல ஆண்டுகள் இது புரியவில்லை. பின்னாளில் லண்டனில், ரத்தத்தில் குஞ்சுப்புழு இருந்த ஒருவர் காலை வேளையில் திடீரென்று இறந்தார். அவருடைய உடலை ஆராயும் வாய்ப்பு மான்சனுக்குக் கிடைத்தது. தோலை ஒட்டிய குழாய்களில் புழு இல்லை. நுரையீரலின் ரத்தக் குழாய்களிலும் இதயத்தை ஒட்டிய பெரிய குழாய்களிலும் கூட்டம் கூட்டமாக இருந்தன. சாகவும் இல்லை, புதிதாகப் பிறக்கவும் இல்லை, உள்ளே ஒதுங்கியிருந்தன.

ஒதுங்குவது என்றால் சும்மா மிதந்து போய்ச் சேர்வதில்லை. ரத்தம் ஓடும் ஆறு. நுரையீரலின் மெல்லிய குழாய்களில் புழு ஓட்டத்தை எதிர்த்து நெளிந்து நெளிந்து தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரவு வந்ததும் பிடியை விடுகிறது. ரத்தம் அதை உடல் முழுக்கக் கொண்டுபோகிறது. அந்தப் பிடியை எப்போது விட வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இதைப் பல ஆண்டுகள் துருவியவர் ஃபிராங்க் ஹாக்கிங் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர். இயற்பியல் மேதை ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை. நுரையீரலுக்குள் நுழையும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, வெளியேறும் ரத்தத்தில் அதிகம். இந்த இரண்டுக்கும் இடையேயான வித்தியாசம் நாம் விழித்து நடமாடும்போது பெரிதாக இருக்கும், உறங்கும்போது சுருங்கும். புழு உணர்வது இந்த வித்தியாசத்தையே என்பது அவர் கண்டது. இரவில் நோயாளிக்குக் கூடுதல் ஆக்சிஜனைச் சுவாசிக்கக் கொடுத்தால், உச்சத்தில் இருக்க வேண்டிய எண்ணிக்கை சரிந்துவிட்டது. புழுக்கள் பகல் வந்துவிட்டதாக எண்ணி நுரையீரலுக்குத் திரும்பின என்று சொன்னால் தவறில்லை.

புழு பார்ப்பது வானத்தின் இருட்டை அல்ல, நம் உறக்கத்தை. ஸ்டீபன் மெக்கன்சி என்பவர் 1881-லேயே இதைக் காட்டிவிட்டார். நோயாளி ஒருவரைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்தார். சில நாட்களில் குஞ்சுப்புழுக்களின் அட்டவணையும் தலைகீழானது. பகலில் ரத்தத்தில் நிறைந்தன, இரவில் மறைந்தன. நம் காலத்தில் இதற்கு ஒரு நடைமுறைப் பொருள் உண்டு. மில் காவலாளி, நைட் ஷிஃப்ட் நர்ஸ், விடிய விடிய லாரி ஓட்டுபவர் ஆகியோருக்கு மாதக்கணக்கில் உறக்கம் பகலுக்கு மாறியிருந்தால், இரவு பத்து மணிக்கு எடுத்த ஸ்லைடு வெறுமையாக இருப்பதை அப்படியே நம்பிவிட முடியாது. கணக்கெடுக்கும்போது "என்ன வேலை பாக்கிறீங்க, எப்பத் தூங்குவீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்ல டெக்னீஷியனின் அடையாளம்.

கொசுவின் நேரம் மாறினால் புழுவின் நேரமும் மாறுகிறது. தென் பசிபிக் தீவுகளில் இதே புழு பகலிலும் ரத்தத்தில் இருக்கும். மாலையை ஒட்டி இன்னும் கூடும். அங்கே அதைச் சுமப்பது பகலில் கடிக்கும் ஏடிஸ் வகைக் கொசு. நம் நாட்டிலேயே நிக்கோபார் தீவுக் கூட்டத்தின் நன்கவுரி பகுதியில் அப்படிப் பகலில் உலவும் வகை இருக்கிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்ற உறவுக்காரப் புழுவை பகலில் கடிக்கும் ஒரு வகை ஈ பரப்புகிறது. அதன் குஞ்சுகள் ரத்தத்தில் நிறைவது நண்பகலில். ஆகவே "ஃபைலேரியாவுக்கு இரவு ரத்தம்" என்பது நம் ஊர் கியூலெக்ஸ் கொசுவை வைத்து எழுதிய விதி. நன்கவுரிக்காரருக்கு அதே விதியைப் போட்டால் தப்பாகும்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்குத் திரும்பலாம். பகலில் எடுத்தால் எவ்வளவு தவறும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரவு ஸ்லைடுக்கு எடுப்பது 20 மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு மில்லிலிட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, ஒரு பெரிய சொட்டு. ஒருவருக்கு நள்ளிரவில் அந்தச் சொட்டில் 20 குஞ்சுப்புழுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்று. உடலில் ஐந்து லிட்டர் ரத்தம். மொத்தம் 50 லட்சம் புழுக்கள். பகலில் இவற்றில் நூற்றில் ஒன்று மட்டும் வெளிக்குழாய்களில் தங்கியிருக்கிறது என்று வைத்தால், அப்போதும் 50,000 புழுக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் 20 மைக்ரோலிட்டரில் எத்தனை வரும்? சராசரியாக ஐந்து ஸ்லைடுக்கு ஒன்று. ஐந்தில் நான்கு ஸ்லைடுகள் வெறுமையாக இருக்கும். உடம்புக்குள் அரைக் கோடி புழு இருக்கும் மனிதரிடம் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருப்போம்.

இன்னொருவருக்கு நள்ளிரவிலேயே சொட்டுக்கு இரண்டு புழுதான் என்றால்? சரியான நேரத்தில் எடுத்தாலும் நூறு ஸ்லைடில் பதின்மூன்று வெறுமையாக வரும். எதேச்சை அப்படித்தான் வேலை செய்யும். ஒன்றுக்கு மூன்றாக 60 மைக்ரோலிட்டர் எடுத்தால் தவறுவது நானூற்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். புழு அருகிவரும் ஊர்களில் ஒரே ஸ்லைடில் மூன்று கோடுகளாக 60 மைக்ரோலிட்டர் இழுக்கிறார்கள் என்றால் காரணம் இந்தக் கணக்குதான்.

அந்தப் பையனுக்கு எடுத்ததைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். இடது கை மோதிர விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயும்வரை காத்திருந்தார்கள். ஈரம் இருந்தால் ரத்தம் பரந்து ஓடிவிடும். ஒரே குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்ததை அளவுக் குழாயில் கோடுவரை எடுத்து, ஸ்லைடின் நடுவே விட்டு, அதன் முனையாலேயே நீள்வட்டமாகப் பரப்பினார். மெல்லிய படலமாக இழுக்கவில்லை. கனமான தடவல்தான் வேண்டும், நிறைய ரத்தம் சிறு இடத்தில் அடங்க வேண்டும். ஸ்லைடின் ஓரத்தில் எண்ணை எழுதி, தட்டையாகப் பெட்டியில் வைத்தார். "எறும்புதான் சார் எங்களுக்கு எதிரி" என்றார். இரவில் மூடாமல் வைத்தால் எறும்பும் கரப்பானும் காய்ந்த ரத்தத்தை நக்கித் தின்றுவிடும். காலையில் ஸ்லைடில் ஓட்டைகள்தான் மிஞ்சும்.

மறுநாள், நன்றாகக் காய்ந்த ஸ்லைடைச் சுத்தமான தண்ணீரில் வைக்கிறார்கள். சிவப்பணுக்கள் வெடித்து நிறம் கரைந்து ஓடிவிடும். புழுவும் வெள்ளையணுக்களும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். சரியாகக் காயாத தடவலை நீரில் வைத்தால் ரத்தத்தோடு புழுவும் கழன்று போய்விடும். நாள்கணக்கில் வெயிலில் கிடந்து இறுகிய தடவலோ சிவப்பை விடாது. பிறகு ஸ்பிரிட் வகை ஒன்றில் நிலைநிறுத்தி, ஜீம்சா அல்லது ஜே.எஸ்.பி. சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பின் சிறிய லென்ஸில், பத்து மடங்கு உருப்பெருக்கில், தடவலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வரிசையாகப் பார்க்கிறார்கள். வெளிர் பின்னணியில் நீலநூல் ஒன்று மென்மையாக வளைந்து கிடக்கும். உள்ளே கருக்கள் மணிமாலைபோல. மேலே சாயம் ஏறாத உறை நிழலாகத் தெரியும். வால் நுனியில் கரு எதுவும் இல்லாமல் வெறுமையாக முடிந்தால் அது உச்செரேரியா. நுனிவரை கரு நீண்டு, கடைசியில் இரண்டு புள்ளிகள் தனித்து நின்றால் புரூகியா மலாயி. கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் பேர்பெற்ற வகை அது.

மலேரியாவுக்கு வருவோம். அதுவும் கொசுவால் வருவதுதான். அந்த அனாஃபிலிஸ் கொசுவும் இரவில் கடிப்பதுதான். சென்னையில் மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகும் ஸ்டெஃபன்சி கொசு அதில் ஒன்று. அப்படியானால் மலேரியாக் கிருமியும் இரவில் வெளியே வர வேண்டியதுதானே?

வராது, ஏனென்றால் அது எங்கும் ஒளிந்துகொள்ளத் தேவையில்லை. ஒளிந்துகொள்ள அதற்கு உடம்பும் இல்லை. ஃபைலேரியாக் குஞ்சு தசையுள்ள புழு, நீந்தும். மலேரியாக் கிருமி ஒற்றைச் செல், சிவப்பணுவுக்குள் உட்கார்ந்திருப்பது. அந்தச் சிவப்பணு போகும் இடமெல்லாம் அதுவும் போகும். அதன் கடிகாரம் பகல் இரவைச் சார்ந்ததில்லை, பெருக்கத்தைச் சார்ந்தது. நம் நாட்டில் பெரும்பாலும் காணும் வைவாக்ஸ், ஃபால்சிபேரம் இரண்டும் சிவப்பணுவுக்குள் புகுந்து, அதன் சத்தைத் தின்று, பிளந்து பெருகி, அணுவை உடைத்து வெளியேற சுமார் 48 மணி நேரம் ஆகும். உடையும்போது குளிரும் நடுக்கமும் காய்ச்சலும். அது காலை பத்து மணிக்கும் வரலாம், இரவு இரண்டு மணிக்கும் வரலாம்.

எனவே மலேரியா ஸ்லைடைப் பகலில் எடுப்பதற்குக் கிருமி காரணமில்லை. ஓ.பி. திறந்திருக்கும் நேரம் பகல், அவ்வளவுதான். நள்ளிரவில் காய்ச்சலோடு வந்தவருக்கு அப்போதே எடுத்தாலும் அதே மதிப்புதான். குளிர் நடுங்கும்போது எடுத்தால்தான் தெரியும் என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டு அடுத்த நடுக்கத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தக் காத்திருப்பு ஆபத்தானது. ஃபால்சிபேரம் ஓரிரு நாளில் மூளையைத் தாக்கக்கூடியது. காய்ச்சல் என்று வந்த அந்த நிமிடமே எடுக்க வேண்டும். மலேரியா மாத்திரை எதையும் விழுங்குவதற்கு முன் எடுக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த குளோரோகுயின் இரண்டைப் போட்டுக்கொண்டு வந்தால் கிருமி குறைந்து, ஸ்லைடு பொய் சொல்லிவிடும். நோய் உள்ளேயே இருக்கும்.

மலேரியாவிலும் ஒரு மறைவு உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையாகிவிடும். ஃபால்சிபேரம் கிருமி இருக்கும் சிவப்பணு, அதன் 48 மணி நேரத்தில் முதல் பாதியில் மட்டுமே ஓடும் ரத்தத்தில் இருக்கும். அப்போது மைக்ரோஸ்கோப்பில் மெல்லிய மோதிரம்போலத் தெரியும். பிற்பாதியில் அந்த அணுவின் மேற்பரப்பில் சின்னச் சின்ன முண்டுகள் எழுந்து, அவை மூளை, நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சேதமுற்ற அணுக்களை வடிகட்டித் தள்ளும் மண்ணீரலுக்குள் போகாமல் தப்புவது இதனால்தான். அந்த நேரத்தில் விரல் ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகத் தெரியலாம், நோயாளியோ மோசமாகிக்கொண்டிருக்கலாம். இது இரவு பகல் கணக்கில் வருவதில்லை; ஒவ்வொரு நோயாளிக்கும் கிருமியின் வயதைப் பொறுத்தது. எந்த மணிக்கு எடுப்பது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகையால் மருத்துவர்கள் வேறு வழி பார்க்கிறார்கள்: முதல் ஸ்லைடில் இல்லை என்றாலும் சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் எடுத்துப் பார்ப்பது, இரண்டு மூன்று நாட்களுக்குள் மூன்று தடவை. ஃபைலேரியாவில் சரியான நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். மலேரியாவில் நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

லென்ஸும் வேறு. மலேரியாக் கிருமியைப் பார்க்க எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸைப் போட வேண்டும். குறைந்தது நூறு பார்வைக் களங்களாவது நகர்த்தித் தேட வேண்டும். ஃபைலேரியாவுக்குப் போடும் பத்து மடங்கு லென்ஸில் மலேரியாக் கிருமி கண்ணுக்கே தெரியாது. மலேரியாவுக்கு எடுக்கும் சொட்டும் சிறியது. போன மாதம் அந்தப் பையனுக்குக் காய்ச்சலில் எடுத்த ஸ்லைடில் ஃபைலேரியாப் புழு தெரியாததற்கு முதல் காரணம் நேரம், அடுத்தது அளவு, பிறகு தேடிய கண் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. அதில் "மலேரியா இல்லை" என்று எழுதியிருந்தால் அதற்கு அந்த அர்த்தம் மட்டும்தான்.

இரண்டு பரிசோதனைகளும் யாரைத் தேடுகின்றன என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. மலேரியா ஸ்லைடு காய்ச்சலில் கிடப்பவரைத் தேடுகிறது; அவரே மருத்துவமனைக்கு வருவார். இரவு ஸ்லைடு தேடுவதோ எந்தத் தொல்லையும் இல்லாமல் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பவரை. ரத்தத்தில் குஞ்சுப்புழு நிறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே ஒரு குறியும் இராது. மாறாக, கால் தூண்போல வீங்கிய பழைய நோயாளியின் ரத்தத்தில் பெரும்பாலும் புழுவே இராது. நிணநீர்க் குழாய்கள் கெட்டு, புழுக்கள் செத்து, சேதம் மட்டும் தங்கியிருக்கும். வீங்கிய காலைப் பார்த்து அவர் அருகே போகப் பயப்படுகிறோம். உண்மையில் தெருவின் கொசுக்களுக்குப் புழு கொடுப்பவர் அடுத்த வீட்டில் கோலி விளையாடும் சிறுவனாகவோ, கல்லூரிக்குப் போகும் பையனாகவோ இருக்கலாம். பெரிய காலோடு வாழ்பவர்களை ஒதுக்கிவைக்க ஒரு காரணமும் இல்லை.

இரவைத் தவிர்க்க வழியே இல்லையா? இருக்கிறது, இரண்டு. டி.இ.சி. மாத்திரையைச் சிறு அளவில் கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்துப் பகலில் ரத்தம் எடுத்தால், மருந்து புழுக்களைக் கலைத்து வெளியே தள்ளும். ஆனால் புழு அதிகம் உள்ளவருக்குக் காய்ச்சல், தலைவலி வரலாம். லோவா லோவா உள்ள நாடுகளில் ஆபத்தான எதிர்வினையே வரும். எண்ணிக்கையும் இரவைப்போல் வராது. இரண்டாவது, புழு ரத்தத்தில் விடும் புரதத்தைக் கண்டறியும் சோதனைப் பட்டை. வளர்ந்த புழு விடும் அந்தப் புரதம் இரவு பகல் எப்போதும் ரத்தத்தில் இருப்பதால், பள்ளிக்கூடத்தில் காலையில் குத்தினாலும் பத்து நிமிடத்தில் கோடு தெரியும். இன்று ஊர் ஊராக நோய் ஒழிந்ததா என்று பார்க்க இந்தப் பட்டைகள் பெரிதும் உதவுகின்றன. இவற்றாலும் ஒரு விஷயம் முடியாது: மருந்து சாப்பிட்டுக் குஞ்சுப்புழு மறைந்த பிறகும் வளர்ந்த புழு இருக்கும்வரை, சில சமயம் அதற்குப் பிறகும், கோடு தெரியும். கொசுவுக்குப் புழு போய்ச் சேருகிறதா என்ற கேள்விக்கு நேரடி விடை தருவது குஞ்சுப்புழு உள்ள ஸ்லைடு மட்டுமே.

இரவில் எடுப்பதிலும் தவறு நேர்கிறது. பத்துக்கு மேல்தான் உகந்த நேரம் என்றாலும், தெரு தூங்கிவிடும் என்று எட்டரை மணிக்கே தொடங்குவது வழக்கம். அது தவறில்லை, புழு அப்போதே ஏறத் தொடங்கியிருக்கும். ஆனால் ஒரு தெருவில் எட்டரைக்கும் அடுத்த தெருவில் பன்னிரண்டுக்கும் எடுத்துவிட்டு, இரண்டின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு அங்கே நோய் குறைவு என்று சொன்னால் அது ஏமாற்று எண். ஆறு மணிக்கே எடுத்து முடித்து வீட்டுக்குப் போனதாகப் பேச்சு வரும் இடங்களும் உண்டு. அப்படி எடுத்த ஸ்லைடில் வெறுமை வந்தால் அது நல்ல செய்தி இல்லை. அதைச் சொல்லிவிட்டால்தான் திட்டம் பிழைக்கும்.

பக்கத்து இலங்கையில் இதைப் பொறுமையாகச் செய்திருக்கிறார்கள். தென் கடற்கரையிலும் மேற்குக் கடற்கரையிலும் யானைக்கால் நெடுங்காலம் இருந்த நாடு அது. அங்குள்ள யானைக்கால் ஒழிப்பு இயக்கம் பல பத்தாண்டுகளாக இரவு ரத்தம் எடுத்துவந்தது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று ஏற்றது. அதே ஆண்டில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழையும் கொடுத்தது. சான்றிதழ் கிடைத்த பிறகும் அங்கே இரவு ஸ்லைடு எடுப்பது நிற்கவில்லை.

அந்தப் பையனின் ஸ்லைடைப் பத்து நாள் கழித்து மைக்ரோஸ்கோப்பில் எனக்குக் காட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனோம், பதினான்கு. வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. பையனுக்கு ஒரு நாளும் கால் வீங்கியதில்லை, காய்ச்சலும் போன மாதம் வந்ததோடு சரி. உடல் எடைக்கு ஏற்ப டி.இ.சி. மாத்திரையைப் பன்னிரண்டு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லி, செவிலியர் தினமும் வந்து கண் எதிரே விழுங்கவைத்தார். மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாள் லேசான காய்ச்சலும் உடம்புவலியும் வந்தது. புழு செத்துக்கொண்டிருப்பதால் வருவது என்று முன்பே சொல்லியிருந்ததால் அந்த அம்மா பயப்படவில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு குழு வரலாம். வந்தால் பிள்ளைகளை எழுப்புங்கள், விரலை நீட்டுங்கள்; மறுநாள் காலை வரச் சொல்லாதீர்கள். காய்ச்சல் வந்தாலோ, இரவென்றும் பகலென்றும் பார்க்காமல் அன்றைக்கே ரத்தம் கொடுங்கள், மாத்திரை எதுவும் போடுவதற்கு முன்னால். அந்தப் பையனுக்கு மருந்து முடிந்த பிறகு மறுபடி ஸ்லைடு எடுக்க வேண்டும். அம்மாவிடம் தேதி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள், இரவு பத்து மணிக்கு.